டிவி முதுகில் இருந்த விடை

கோபியில் அப்பாவின் டிவிக்கு சவுண்ட்பார் வாங்கி மாட்டினேன். படம் ஓடுது, சவுண்ட்பாரில் சத்தமே இல்லை. "கடையில மாத்திட்டு வந்துருங்க கண்ணு" என்றார் அம்மா.

மேனுவல் எப்போதோ தொலைந்துவிட்டது. டிவி சுவரில் இருந்ததால், செல்போனைப் பின்னால் நுழைத்து லேபிளைப் படமெடுத்தேன். முதலில் தேடியது S/N எண்ணை, ஒன்றும் வரவில்லை. அது அந்த ஒரு டிவிக்கு மட்டுமான எண். Model என்ற வரியில் 43 என்ற அங்குல அளவோடு தொடங்கியதைத்தான் தேட வேண்டும். கடைசி எழுத்துகளையும் விடக்கூடாது. அவை மாறினால் போர்ட்டுகளே மாறலாம்.

நிறுவனத் தளத்தில் மேனுவல் கிடைத்தது. டிவியின் சத்தத்தை HDMI கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் ARC வசதி HDMI 2-இல் மட்டும். நான் செருகியது 1-இல். மாற்றிச் செருகி, ஒலி அமைப்பிலும் அதைத் தேர்ந்தெடுத்ததும் சத்தம் வந்துவிட்டது.