ஐந்து வீட்டு வருமானத்தை வைத்து லாரன்ஸ் வளைகோடும் கினி குணகமும் போடுவது எப்படி?

மயிலாப்பூரில் ஒரு சந்தில் ஐந்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் வீட்டில் மாத வருமானம் 12,000 ரூபாய். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் வீட்டில் 18,000. பாண்டி பஜார் துணிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு 25,000. வங்கி குமாஸ்தா வீட்டில் 45,000. ஓ.எம்.ஆரில் ஐடி வேலை பார்ப்பவர் வீட்டில் 1,00,000.

மொத்தம் 2,00,000, சராசரி 40,000. ஆனால் முதல் மூன்று வீடுகள் அந்தச் சராசரியில் முக்கால் பங்கைக்கூடத் தொடவில்லை. வருமானம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கிறது என்பதைச் சராசரி காட்டாது. அதைப் படமாகக் காட்ட அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மேக்ஸ் லாரன்ஸ் 1905-ல் ஒரு வளைகோட்டைக் கொடுத்தார். ஒரே எண்ணாகச் சொல்ல இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி 1912-ல் ஒரு குணகத்தைக் கொடுத்தார். இரண்டையும் ஒரு கிராஃப் தாளிலேயே போட்டுவிடலாம்.

படி 1: குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள்

மேலே எழுதியிருக்கும் வரிசை ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. உங்கள் சொந்தக் கணக்கில் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

படி 2: கூட்டிக்கொண்டே போங்கள்

முதல் வீட்டுக்கு மொத்தத்தில் 6%. முதல் இரண்டு வீடுகளுக்குச் சேர்த்து 15%. மூன்றுக்கும் சேர்த்து 27.5%. நான்குக்கும் சேர்த்து 50%. ஐந்தும் சேர்ந்தால் 100%. அதாவது கீழேயுள்ள நான்கு வீடுகளும் சேர்ந்து கொண்டுவரும் பணத்தை மேல் வீடு ஒன்றே கொண்டுவருகிறது.

படி 3: கோடு போடுங்கள்

கிராஃப் தாளில் 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் ஒரு சதுரம் வரையுங்கள். கிடைக்கோட்டில் வீடுகள், ஒரு வீட்டுக்கு 2 செ.மீ. நிலைக்கோட்டில் வருமானம், 10 சதவீதத்துக்கு 1 செ.மீ. இடது கீழ் மூலையில் தொடங்கி, 2 செ.மீ. தள்ளி 0.6 உயரத்தில் ஒரு புள்ளி, 4-ல் 1.5, 6-ல் 2.75, 8-ல் 5, 10-ல் 10. இவற்றை ஸ்கேல் வைத்து இணைத்தால் அதுதான் லாரன்ஸ் வளைகோடு.

இப்போது மூலைக்கு மூலை நேராக ஒரு கோடு போடுங்கள். ஐந்து வீட்டிலும் தலா 40,000 இருந்திருந்தால் புள்ளிகள் எல்லாம் அந்த நேர்கோட்டிலேயே விழுந்திருக்கும். அதற்கு முழுச் சமக்கோடு என்று பெயர். வளைகோடு அதிலிருந்து எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவு ஏற்றத்தாழ்வு.

வரைந்ததைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. வலப்பக்கம் போகப் போகக் கோடு செங்குத்தாகிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது சாய்வு குறைந்தாலோ, வளைகோடு சமக்கோட்டுக்கு மேலே ஏறினாலோ, படி 1-ல் யாரோ இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

படி 4: பரப்பைக் கணக்கிடுங்கள்

வளைகோட்டுக்குக் கீழே 2 செ.மீ. அகலத்தில் ஐந்து பட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்டையின் பரப்பும் இடப்பக்க உயரம், வலப்பக்க உயரம் இரண்டின் சராசரியை 2-ஆல் பெருக்கினால் கிடைக்கும். அகலமே 2 என்பதால் இரண்டு உயரங்களையும் கூட்டினாலே போதும்: 0.6, 2.1, 4.25, 7.75, 15. மொத்தம் 29.7 சதுர செ.மீ.

சமக்கோட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோணம் 50 சதுர செ.மீ. இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பு 50 − 29.7 = 20.3. அதை 50-ஆல் வகுத்தால் 0.406. இதுதான் கினி குணகம். எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0 வரும். ஏற்றத்தாழ்வு கூடக் கூட 1-ஐ நெருங்கும். வெறும் ஐந்து வீடுகளில் ஒரே வீடு அத்தனை பணத்தையும் வைத்திருந்தால்கூட 0.8-க்கு மேல் போகாது. அதனால் நம் சந்தின் 0.406-ஐ ஒரு நாட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

ஷீட்டில் போடுபவர்கள் வரிசைப்படுத்திய வருமானத்தை A2 முதல் A6 வரை எழுதி, B2-ல் முதல் வரியைப் போட்டு B6 வரை இழுங்கள். இரண்டாவது வரி கினி.

```
=SUM(A$2:A2)/SUM(A$2:A$6)
=1-(2*SUM(B2:B5)+1)/5
```

ஒரே கினி, வேறு சந்து

பக்கத்துச் சந்திலும் ஐந்து வீடுகள்: 6,000; 14,000; 38,000; 55,000; 87,000. மொத்தம் அதே 2,00,000. கூட்டிக்கொண்டே போனால் 3%, 10%, 29%, 56.5%, 100%. கணக்குப் போட்டுப் பாருங்கள், கினி அதே 0.406!

ஆனால் அங்கே மிகக் குறைந்த வருமானமுள்ள வீட்டுக்காரரின் வருமானம் நம் சந்தில் இருப்பவருடையதில் பாதி. நடுத்தர வீடுகள் நம்மைவிட வசதியாக இருக்கின்றன. இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், முதல் பாதியில் அவர்களுடையது கீழே ஓடுகிறது. மூன்றாவது வீட்டுக்குச் சற்று முன்னால் நம்முடையதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே போகிறது. ஒன்று மற்றதை எங்கேயும் வெட்டாமல் முழுக்க மேலே இருந்தால் அங்கே ஏற்றத்தாழ்வு குறைவு என்று தயங்காமல் சொல்லலாம். வெட்டிக்கொண்டால் கினியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. மிக ஏழை வீட்டின் அடுப்பு எரிகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், வளைகோட்டின் இடது ஓரத்தைப் பாருங்கள். நான் எப்போதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வருமானமா, செலவா?

இந்தியாவுக்கு என்று செய்தியில் வரும் கினி பெரும்பாலும் வருமானத்தின் கினி அல்ல, வீட்டுச் செலவின் கினி. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகர்ப்புறத்துக்கு 0.284, கிராமப்புறத்துக்கு 0.237 என்று வந்ததும் அப்படித்தான். இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை நம் சந்திலேயே பார்க்கலாம்.

முதல் இரண்டு வீடுகளும் வருகிற பணம் முழுவதையும் செலவழித்துவிடுகின்றன: 12,000, 18,000. துணிக்கடைக்காரர் ஆயிரம் ரூபாய் சீட்டுக் கட்டிவிட்டு 24,000 செலவழிக்கிறார். குமாஸ்தா வீட்டில் செலவு 36,000. ஐடி வீட்டில் 60,000. மீதி 40,000 சேமிப்புக்குப் போகிறது. செலவு மொத்தம் 1,50,000. கூட்டிக்கொண்டே போனால் 8%, 20%, 36%, 60%, 100%. கினி 0.304.

அதே மனிதர்கள், அதே மாதம். 0.406 என்பது 0.304 ஆகிவிட்டது. வசதி கூடக் கூடச் சேமிப்பும் கூடுகிறது, செலவுக் கணக்கில் அந்தச் சேமிப்பு வராது, அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றின் கினி வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது. அந்த எண்களுக்குப் பக்கத்தில் நம் செலவுக் கினியை வைத்து ‘நம்மிடம் ஏற்றத்தாழ்வு குறைவு’ என்று சொல்பவர்களிடம், இரண்டு அட்டவணைகளும் எதை அளந்தன என்று முதலில் கேளுங்கள்.