co என்றால் கோபால்ட்டா, கார்பன் மோனாக்சைடா?

தனிமக் குறியீட்டின் முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து, இரண்டாவது இருந்தால் அது சிறிய எழுத்து. அதனால் Co ஒரே தனிமம், கோபால்ட். CO என்பது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயு. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடித்துவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. அதை மீட்டெடுக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில், வரியை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் இருபக்க அணுக்களை எண்ணிப் பாருங்கள்.

```
fe2o3 + 3co -> 2fe + 3co2
```

இங்கே co கோபால்ட் என்றால், வலப்பக்கத்து co2-இல் இருக்கும் கார்பன் எங்கிருந்து வந்தது? சரி, அதையும் கோபால்ட் என்றே படித்தால் இடப்பக்கத்து மூன்று ஆக்சிஜன் அணுக்களைக் காணவில்லை. கார்பன் மோனாக்சைடு என்று படித்தால்தான் கணக்கு சரியாகிறது:

```
Fe2O3 + 3CO -> 2Fe + 3CO2
```

பெரும்பாலான வரிகள் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும். ஆனால் அணு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இதைப் பாருங்கள்:

```
co + cl2 -> cocl2
```

கோபால்ட் குளோரினுடன் சேர்ந்தால் கோபால்ட் குளோரைடு, CoCl2. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் பாஸ்ஜீன், COCl2. இரண்டுமே நடக்கும் வினைகள், இரண்டுமே சமன் ஆகின்றன!

இப்போது வரியைச் சுற்றியுள்ள சொற்களைத் தேட வேண்டும். நீல நிறத் திண்மம் என்றோ, நீர் பட்டதும் இளஞ்சிவப்பானது என்றோ இருந்தால் அது கோபால்ட் குளோரைடு. நிறமற்ற வாயு, நச்சு என்றால் பாஸ்ஜீன். 'லிட்டர் co' என்று கன அளவில் சொல்லியிருந்தால் பெரும்பாலும் வாயுதான்.

எடை கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு கணக்கில் "5.6 கிராம் co, தேவைக்கு மேல் cl2, கிடைத்தது 19.8 கிராம்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடின் மோல் நிறை 28, ஆக 5.6 கிராம் என்பது 0.2 மோல். பாஸ்ஜீனின் மோல் நிறை 98.9. பெருக்கினால் 19.8 கிராம், அப்படியே பொருந்துகிறது. கோபால்ட்டின் மோல் நிறை 58.9, கோபால்ட் குளோரைடுக்கு 129.8. அப்படிப் போட்டால் 12.3 கிராம்தான் வரும். ஆகவே எழுதியவர் சொன்னது கார்பன் மோனாக்சைடு.

co2+ என்பதிலும் கவனம் வேண்டும். கரைசலில் உள்ள அயனியைப் பற்றிய பேச்சு என்றால் அது இரட்டை நேர்மின்சுமையுள்ள கோபால்ட். சமன்பாட்டின் நடுவே வந்து, அடுத்து இன்னொரு பொருளும் இருந்தால், அது கார்பன் டைஆக்சைடும் ஒரு கூட்டல் குறியும்.

நிறமும் இல்லை, எடையும் இல்லை, வெறும் co + cl2 மட்டும் இருக்கிறதா? அப்போது ஊகித்து விடை எழுதாதீர்கள். பாஸ்ஜீன் நுரையீரலைத் தாக்கிக் கொல்லக்கூடிய வாயு. "உங்களிடம் இருப்பது உலோகத் தூளா, வாயுவா?" என்று எழுதியவரிடமே கேளுங்கள்.