ஆஃபர் லெட்டரில் பெயரோ பதவியோ பிழையாக இருந்தால்: கையெழுத்திடும் முன் திருத்தி வாங்குவது எப்படி

சென்ற ஆண்டு சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு வந்த ஆஃபர் லெட்டரில், பான் அட்டையில் KAYALVIZHI MURUGESAN என்று உள்ள என் பெயர் Kayalvili M என்று இருந்தது. நேர்காணலில் பேசி முடித்த ‘சீனியர் அனலிஸ்ட்’ பதவியும் வெறும் ‘அனலிஸ்ட்’ ஆகியிருந்தது.

முதற்படி, நிறுவனத்தின் தளத்தில் ஏற்புப் பொத்தானை அழுத்தாமல் இருப்பது. முந்தைய வேலையில் ‘சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பி அழுத்திவிட்டேன். பிழையான பெயரே பி.எஃப். கணக்கு வரை போய், ஆதாரோடு பொருந்தாமல், நானும் நிறுவனமும் சேர்ந்து திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது, எந்தப் பெயரைக் கேட்பது என்ற கேள்வி. நான் தடுமாறியது இங்கேதான். நம்மில் பலருக்கு ஆதாரில் இனிஷியலும் பானில் தந்தை பெயர் முழுதாகவும் இருக்கும். சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி பான் எண்ணிலும், பி.எஃப். ஆதார் பெயரிலும் பதிவாவதால், இரண்டு அட்டைகளிலும் பெயர் ஒன்றாக இருப்பதே நல்லது. ஆகவே பானில் உள்ளபடியே கடிதத்தில் கேட்டுவிட்டு, ஆதாரையும் அதற்கேற்ப மாற்ற விண்ணப்பித்தேன். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் எழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

பதவியைப் பொறுத்தவரை, சம்பள இணைப்பைப் பாருங்கள். பேசிய தொகை அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் பழைய கடிதத்தை நகலெடுத்ததில் நேர்ந்த பிழை. தொகையும் குறைந்திருந்தால் அது எழுத்துப்பிழை அன்று; திருத்தம் கேட்கும் முன் தொலைபேசியில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு, கடிதம் வந்த அதே மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்பதை நான் விரும்புவதில்லை. பின்னாளில் காட்டுவதற்கு எதுவும் ஒழுங்காக மிஞ்சாது. நான் எழுதியதன் சாரம் இது: “பணிவாய்ப்புக்கு நன்றி. நிபந்தனைகள் எனக்குச் சம்மதம். முதல் பக்கத்தில் Kayalvili M என்பதை KAYALVIZHI MURUGESAN என்றும், ‘அனலிஸ்ட்’ என்பதை, நேர்காணலுக்குப் பின் தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் உள்ளபடி ‘சீனியர் அனலிஸ்ட்’ என்றும் திருத்தி, புதிய கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். பான் நகல் இணைத்துள்ளேன். ஏற்பதற்கான கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்பதால், திருத்திய கடிதம் வரும்வரை அவகாசம் தர வேண்டுகிறேன்.” சம்மதம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் மறுபடி பேரம் பேசுகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். கடைசி நாளைப் பற்றிய வரியும் அவசியம், ஏனெனில் சில தளங்களில் அந்த நாள் கடந்தால் கடிதம் தானாகவே காலாவதியாகிவிடும்.

பிடிஎஃப் கோப்பை நாமே திருத்தி அனுப்பக் கூடாது. அது ஆவணத்தைத் திரித்ததாகப் பார்க்கப்படும்.

பின்சேர்க்கை: திருத்திய கடிதத்தின் முதல் பக்கம் சரியாக இருந்தும், சம்பள இணைப்பில் பழைய பதவியே இருந்ததாக வாசகி ஒருவர் எழுதியிருந்தார். என் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்; கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடும் இடத்துக்குக் கீழே பழைய Kayalvili அப்படியே இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.