ஹம்மோடு சேர்த்துக் குரலையும் வெட்டாதீர்கள்: நாட்ச் ஃபில்டர் தவறுகள்

ஒலித்தொகுப்பு பழகும் ஒருவர் போன வாரம் ஒரு பேட்டிப் பதிவை அனுப்பினார். மின்சாரத்தால் பின்னணியில் வரும் 'ம்ம்' என்ற இரைச்சலான ஹம் துளியும் இல்லை. ஆனால் பேசியவர் குழாய்க்குள் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. என்ன செய்தார் என்று கேட்டேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்ததையேதான் செய்திருந்தார்.

எல்லா மடங்குகளிலும் வெட்டுவது

மின்சார ஹம் 50 ஹெர்ட்ஸோடு நிற்காது (சில நாடுகளில் 60). 100, 150, 200 என்று மடங்குகளிலும் வரும். அதனால் ஒரு முதியவரின் பதிவில் குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரால் 50 முதல் 1000 வரை 20 வெட்டுகள் போட்டேன். வெட்டு எவ்வளவு குறுகலானது என்று சொல்லும் எண்ணான Q, எல்லாவற்றுக்கும் 10.

அதிர்வெண்ணை Q-ஆல் வகுத்தால் வெட்டின் அகலம் கிடைக்கும். 100-இல் அது 10 ஹெர்ட்ஸ், 500-இல் 50 ஹெர்ட்ஸ். வெட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியே 50 தான். ஆக 500-க்கு மேல் வெட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, 'ஆ' போன்ற உயிரொலிகளுக்கு உடல் தரும் பகுதியையே மொத்தமாக அமுக்கிவிட்டன.

இதைவிடக் கொடுமை வேறு. வாக்கியம் முடியும்போது அவர் குரல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். அப்போது குரலின் மடங்குகளும் 200, 300 என்றே வரும். அத்தனையும் வெட்டுகளின் மேலேயே விழுந்து ஒரேயடியாகக் காணாமல் போயின. தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது? அவர் 'போனேன்' என்றாரா 'போகல' என்றாரா என்றே தெரியவில்லை. முழுப் பதிவையும் முதலிலிருந்து திரும்பச் செய்ய மூன்று இரவுகள் போயின. இன்னொருவர் இதே குழியில் விழுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சரி, எப்படிச் செய்வது? யாரும் பேசாத சில நொடிகளை எடுத்து அதன் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். துருத்தி நிற்பவற்றை மட்டும் தொடுங்கள். அந்தப் பதிவில் 50, 100, 150, 250 ஆகிய நான்குதான் இருந்தன. அகலம் எங்கும் 2 ஹெர்ட்ஸாக இருக்க Q முறையே 25, 50, 75, 125 வைத்தேன். 100-இல் மட்டும் முழுதாக வெட்டும் நாட்ச் போடாமல், ஈக்வலைசரில் அதே Q-வோடு 12 டெசிபல் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் ஹம் மிஞ்சியது, ஆனால் வினைகள் திரும்பி வந்தன.

இன்னும் குறுக்கினால் நல்லது என்று நினைப்பது

வெட்டு குறுகக் குறுக, பேச்சு நின்ற பிறகும் அந்த அதிர்வெண் மணியடித்த மாதிரி இழுக்கும். சட்டென்று முடியும் சொற்களுக்குப் பின்னால் கேட்டுப் பாருங்கள்.

50 தானே என்று அளக்காமல் விடுவது

பழைய கேசட் 2.6 சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் ஹம் 51.3-இல் இருக்கும், மூன்றாம் மடங்கு 153.9-இல். 150-இல் போட்ட குறுகிய வெட்டு அதைத் தொடவே தொடாது.

சின்ன ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுப்பது

அதில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது. ஹெட்போன் போடுங்கள்.

நீக்கியதைக் கேட்காமல் விடுவது

வெட்டிய பதிவின் அலையை மேல்கீழாகப் புரட்டி அசலோடு சேர்த்தால், எடுத்துப் போட்டது மட்டும் கேட்கும். அதில் ஹம்மும் மங்கலான முனகலும் இருந்தால் பரவாயில்லை. சொற்கள் புரிந்தால் வெட்டு அகலமாக இருக்கிறது, Q-வை ஏற்றுங்கள்.