நீச்சல் உடை போட்டோவில் முதலில் லேபிளைப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் என் அக்கா, மகளுக்கு வாரம் ஐந்து நாள் பயிற்சி என்பதால், ஆன்லைனில் பார்த்த ஒரு நீச்சல் உடையின் போட்டோவை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். முதுகுப் பக்கம் பட்டைகள் நடுவில் சேர்ந்து தோளை விட்டு நழுவாத மாதிரி இருந்தது, பாவாடை, ஃப்ரில் எதுவும் இல்லை, பார்வைக்குப் பயிற்சி உடையேதான். ஆனால் உடையின் வடிவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், துணிதான் முக்கியம், அது முன்பக்கப் போட்டோவில் தெரியாது.

அதனால் உள்ளே தைத்திருக்கும் லேபிளின் போட்டோவைக் கேட்கச் சொன்னேன். 80% நைலான், 20% எலாஸ்டேன் என்று வந்தது. போட்டால் மிருதுவாக இருக்கும், சரி, ஆனால் ரப்பர் போல இழுபடும் இந்த எலாஸ்டேன் இழையை நீச்சல் குளத்துக் குளோரின் அரித்துவிடும், தினமும் குளத்தில் இறங்கினால் சில மாதத்திலேயே தொளதொளவென்று ஆகி, உட்காரும் இடத்தில் துணி மெலிந்து உள்ளே தெரிய ஆரம்பிக்கும். எலாஸ்டேன் கலக்காமல், பாலியெஸ்டரும் அதிலேயே கொஞ்சம் இழுபடும் வகையான பிபிடியும் கலந்த துணியைத் தேடச் சொன்னேன். அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் குளோரினைப் பல மடங்கு நாள் தாங்கும்.

பழைய உடை என்றால் பின்பக்கத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பிடித்து ஒரு போட்டோ கேளுங்கள். வெள்ளை இழைகள் மயிர் போல நீட்டிக்கொண்டிருந்தால் எலாஸ்டேன் அறுந்துவிட்டது, வேண்டாம். அளவு மட்டும் போட்டோவில் பிடிபடாது, அதற்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.