37 சதவீத டிவிடெண்ட் யீல்டு: சந்தை சொன்னதை எப்படிப் படிப்பது?

2022-23 நிதியாண்டில் வேதாந்தா நிறுவனம் ஐந்து இடைக்கால டிவிடெண்டுகளாகப் பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் கொடுத்தது. 2023 மார்ச் இறுதியில் பங்கு விலை சுமார் 275 ரூபாய். கணக்குப் போட்டால் டிவிடெண்ட் யீல்டு ஏறக்குறைய 37 சதவீதம். பங்குத் தளங்களில் யீல்டு வரிசைப்படி தேடியவர்கள் கண்ணில் முதலில் பட்டதும் இந்த எண்தான்.

இங்கே பலர் செய்யும் தவறு, போன வருஷம் கொடுத்ததை வரும் வருஷத்து வருமானமாக எடுத்துக்கொள்வது. தளங்கள் காட்டும் யீல்டு, கடந்த 12 மாதங்களில் கொடுத்த தொகையை இன்றைய விலையால் வகுத்து வருவது. அது எதிர்காலத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

அடுத்து பார்க்க வேண்டியது, பங்கு ஒன்றுக்கான லாபம், அதாவது இ.பி.எஸ். அந்த ஆண்டு அது சுமார் 28 ரூபாய். 28 சம்பாதித்து 101 கொடுத்தால், மிச்சம் 73 ரூபாய் பழைய இருப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் வர முடியும். கடன் சுமையில் இருந்த தாய் நிறுவனத்துக்குப் பணம் தேவைப்பட்டது என்பதும் அப்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 29.50 ரூபாயாகக் குறைந்தது. 275-க்கு வாங்கியவருக்கு அது 11 சதவீதத்துக்கும் கீழே.

ஆண்டறிக்கை 101.50 கொடுக்கப்பட்டதைச் சொல்லும், மறுபடி வருமா என்று சொல்லாது. அதைச் சொன்னது விலைதான். வருஷா வருஷம் 101 ரூபாய் வரும் என்று சந்தை நம்பியிருந்தால், அந்தப் பங்கு 275-க்குக் கிடைத்தே இருக்காது. யீல்டு வங்கி வட்டியைப் போல மூன்று, நான்கு மடங்கு தெரிந்தால், டிவிடெண்ட் குறையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்றே முதலில் படியுங்கள். சந்தையும் தவறலாம், ஆனால் அது ஏன் தவறு என்பதற்கு உங்களிடம் காரணம் இருக்க வேண்டும்.

பங்கு விலையை இ.பி.எஸ்.-ஆல் வகுத்து வரும் பி.இ. விகிதத்திலும் இதே கதைதான். ஒரு நிறுவனத்தின் பங்கு விலை 160, இ.பி.எஸ். 20 என்று வைத்துக்கொள்வோம். பி.இ. 8, மலிவாகத் தெரியும். லாப நட்டக் கணக்கில் ‘விதிவிலக்கான இனங்கள்’ என்ற வரியைப் பாருங்கள். நிலம் விற்ற லாபம் அதில் பங்குக்கு 12 ரூபாய் என்றால், தொழிலில் வந்தது 8 ரூபாய்தான். உண்மையான பி.இ. 20. உருக்கு, சர்க்கரை போன்ற தொழில்களில் இப்படி ஒரு வரிகூட இருக்காது. விற்கும் பொருளின் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டின் லாபமே பி.இ.-யைக் குறைத்துக் காட்டும். அங்கே ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி இ.பி.எஸ்.-ஐ வைத்து வகுத்துப் பார்ப்பதே சரி.

பழைய பி.இ.-யோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. நிஃப்டி 50-இன் பி.இ.-யை என்.எஸ்.இ. 2021 மார்ச் வரை தனி நிறுவன லாபத்தை வைத்துக் கணக்கிட்டது. அதன் பிறகு துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியது. விலை அப்படியே இருக்க, பி.இ. ஒரே நாளில் 40-இலிருந்து 33 அளவுக்கு இறங்கியது. அந்தத் தேதிக்கு முந்தைய எண்களை இன்றைய எண்ணோடு ஒரே கோட்டில் வரைந்தால், சந்தை மலிவாகிவிட்டது போலத் தவறாகத் தோன்றும்.