நாணயம் சரியும்போது சேமிப்பைக் காப்பது

வங்கிக் கணக்கில் தொகை கூடிக்கொண்டே போவதால், உள்நாட்டு நாணயம் மெல்ல மெல்லச் சரிவது பலரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு டாலருக்கு 50 அலகு இருந்தபோது ஒருவர் 1,00,000 அலகை, அதாவது 2,000 டாலர் மதிப்பை, 6 சதவீத வட்டியில் வைப்பில் இட்டதாகக் கொள்வோம். வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போனால், பத்து ஆண்டுகளில் கையில் இருப்பது ஏறத்தாழ 1,60,000 அலகு. அதற்குள் டாலரின் விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி 74 அலகைத் தொட்டிருந்தால், அத்தொகை சுமார் 2,160 டாலர்தான்; பத்து ஆண்டு வளர்ச்சி வெறும் 8 சதவீதம்.

இதனால் முழுச் சேமிப்பையும் வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு போல, அந்நிய நாணயத்தில் வரப்போகும் செலவு எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவுக்கு வெளிநாட்டுப் பங்கு நிதிகளையோ கடன் பத்திரங்களையோ மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்குவதே என் பார்வையில் பொருத்தமானது. நாணயம் திடீரென விழுந்த பிறகு பதறி மொத்தமாக வாங்குபவர்கள், அது ஓரளவு மீளும்போது நட்டப்படுவதுண்டு. நிதியின் விவரக்குறிப்பில் நாணய மாற்று அபாயத்துக்குக் காப்பு செய்யப்பட்டுள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். காப்பு இருந்தால், டாலர் ஏறினாலும் அந்த ஆதாயம் உங்களுக்கு வராது. மாற்றுக் கட்டணம், வரி, வெளிநாட்டு முதலீட்டுக்கான சட்ட வரம்பு ஆகியவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.